ஒரு கேள்வி எந்தப் படியில் நிற்கிறது?

இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் வரும். காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு வினாத்தாளை எடுத்து நீட்டினாள்.

"சித்தி, இதக் கொஞ்சம் பாத்துக் குடுங்க. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல ப்ளூம் லெவல் போடணுமாம். நான் போட்டுட்டேன். சரியான்னு மட்டும் பாருங்க."

25 கேள்விகள். வலது ஓரத்தில் ஒரு கட்டம். அதில் நினைவுகூர்தல் 5, புரிந்துகொள்ளுதல் 6, பயன்படுத்துதல் 5, பகுத்தாய்தல் 4, மதிப்பிடுதல் 3, உருவாக்குதல் 2 என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் பேனாவில் அழகாக எழுதியிருந்தாள். பார்த்தால் குறை சொல்ல முடியாத தாள். எனக்கோ அதைப் பார்த்ததும் என்னுடைய பழைய வினாத்தாள் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு வருகிறேன்.

இதில் ஆசிரியராக இல்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் பெஞ்சமின் ப்ளூம் என்று ஒரு கல்வியாளர். அவரும் நான்கு பேரும் சேர்ந்து 1956ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். அவர்கள் கல்லூரித் தேர்வு நடத்துகிற வேலையில் இருந்தவர்கள். எங்கள் கல்லூரியில் கேட்கிற கேள்வியும் உங்கள் கல்லூரியில் கேட்கிற கேள்வியும் ஒரே மாதிரிச் சிந்தனையைத்தான் கேட்கிறதா என்று ஒப்பிட ஒரு பொதுப் பாஷை வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்ததுதான் இந்தப் படிவரிசை. அடுத்த வருஷமே, 1957ல், ப்ளூம் நம் நாட்டுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தம் பற்றிப் பயிலரங்குகள் நடத்தினார். நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று நான்கு கட்டம் போட்டு 'புளூ பிரிண்ட்' தயாரிக்கச் சொல்வார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டே விரல் வலிக்கும். அதற்கும் ப்ளூமுக்கும் உள்ள சொந்தம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

2001ல் ப்ளூமின் மாணவர் லோரின் ஆண்டர்சனும், பழைய குழுவில் இருந்த டேவிட் கிராத்வோலும் வேறு சிலரும் அதைத் திருத்தினார்கள். முன்பு 'அறிவு', 'பகுப்பாய்வு' என்று பெயர்ச்சொல்லாக இருந்ததை 'நினைவுகூர்', 'பகுத்தாய்' என்று வினைச்சொல் ஆக்கினார்கள். பிள்ளை என்ன செய்கிறது என்பதுதானே நமக்கு வேண்டும். அதோடு மேலே இருந்த இரண்டு படிகளை இடம் மாற்றினார்கள். பழைய வரிசையில் 'மதிப்பிடுதல்' உச்சியில் இருந்தது. புதியதில் அது ஐந்தாவதாக இறங்கி, 'உருவாக்குதல்' ஆறாவதாக ஏறியது. வரலாறு இதுபோதும்.

இப்போது அக்கா மகளின் தாளுக்கு வருவோம்.

பன்னிரண்டாவது கேள்வி: "ஆவியாதலுக்கும் கொதித்தலுக்கும் உள்ள வேறுபாடுகளைப் பகுத்தாய்ந்து எழுதுக." பக்கத்தில் பச்சை மையில் 'பகுத்தாய்தல்'.

"ஏம்மா, இதுக்கு நோட்ஸ் குடுத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"ஆமா சித்தி. ரெண்டு காலம் போட்டு நாலு பாயிண்ட். எல்லாப் பிள்ளைங்களும் வச்சிருக்காங்க."

"அப்ப பரீட்சையில அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அந்த நாலு பாயிண்ட்ட ஞாபகப்படுத்தி எழுதும்."

"அப்ப இது எந்தப் படி?"

சிரித்துவிட்டாள். பச்சையை அடித்துவிட்டுக் கீழே கறுப்பில் 'நினைவுகூர்தல்' என்று எழுதினாள்.

பெரும்பாலான பள்ளிகளில் நடக்கிற தவறு இதுதான். வினைச்சொற்களின் பட்டியல் ஒன்று அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். 'கூறுக' என்றால் முதல் படி, 'விளக்குக' என்றால் இரண்டாவது, 'பகுத்தாய்க' என்றால் நான்காவது, 'வடிவமைக்க' என்றால் ஆறாவது. ஆசிரியர்களும் கேள்வியின் கடைசி வார்த்தையைப் பார்த்துக் கட்டத்தை நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் படி அந்த வார்த்தையில் இல்லை. விடை எழுதும்போது பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. அது நடக்குமா நடக்காதா என்பது, அந்தப் பிள்ளை அதற்கு முன் வகுப்பில் எதைப் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1956 புத்தகத்திலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: மாணவன் முன்பு என்ன கற்றான் என்பது தெரியாமல் ஒரு கேள்வியை வகைப்படுத்த முடியாது என்று. அந்தப் பக்கத்தை யாரும் போட்டோகாப்பி எடுப்பதில்லை, பட்டியலைத்தான் எடுக்கிறார்கள்.

கணக்கிலிருந்து ஓர் உதாரணம் சொன்னால் இன்னும் தெளிவாகும். 'பயன்படுத்துதல்' என்ற மூன்றாம் படிக்குள்ளேயே ஆண்டர்சன் குழு இரண்டு வகை சொல்கிறது. ஒன்று, பழகிய முறையைப் பழகிய இடத்தில் செய்வது. 347ஐ 50ஆல் வகு என்றால் அது. இன்னொன்று, எந்த முறை பொருந்தும் என்று தானே தேர்ந்து புது இடத்தில் செய்வது. 347 பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள், ஒரு பஸ்ஸில் 50 பேர் உட்காரலாம், எத்தனை பஸ் வேண்டும் என்றால் இது. முதல் தடவை இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பாதி வகுப்பு "6 பஸ், மீதி 47" என்று எழுதும். அந்த 47 பிள்ளைகளும் ரோட்டில் நிற்பார்கள்!

சரி என்று நாம் என்ன செய்வோம்? "மீதி வந்தா ஒண்ணு கூட்டிக்கோங்க" என்று ஒரு சூத்திரம் சொல்லிக் கொடுப்போம். பத்து பஸ் கணக்கு போடவைப்போம். பரீட்சையில் எல்லோரும் 7 என்று எழுதுவார்கள். நமக்கும் மகிழ்ச்சி, பிள்ளைகள் ஒரு படி ஏறிவிட்டார்கள் என்று. ஏறிவிட்டார்களா என்று பார்க்க ஒரே வழி, அதே எண்களை வைத்து வேறு கணக்கு கொடுப்பது. 347 லட்டு இருக்கிறது, ஒரு பெட்டிக்கு 50, நிரம்பிய பெட்டிகள் எத்தனை? விடை 6. ஆனால் பழக்கப்பட்ட பிள்ளை "மீதி வருதே" என்று 7 எழுதும். 7 என்று எழுதிய பிள்ளை நேற்று பஸ் கணக்கிலும் யோசித்திருக்கவில்லை, நாம் சொன்ன சூத்திரத்தைத்தான் ஞாபகம் வைத்திருந்தது என்று அப்போது தெரியும். இதை நான் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். முதல் பெஞ்சில் உட்காருகிற, எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைகள்தான் முதலில் 7 என்று கத்தினார்கள். (இதைப் படிக்கும் முதல் பெஞ்ச்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

இப்போது என் கதை.

நான் உப்பளங்கள் உள்ள ஒரு கடலோர ஊரில் சில வருஷம் வேலை பார்த்தேன். அந்தக் காலத்து என் மாணவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. அறிவியல் தாள் நான்தான் எடுத்தேன். அதில் ஒரு மூன்று மதிப்பெண் கேள்வி: "காற்றடிக்கும் நாளில் ஈரத்துணி விரைவில் உலர்வது ஏன்?" புளூ பிரிண்ட்டில் அதைப் 'பயன்படுத்துதல்' கட்டத்தில் போட்டேன். அன்றாட வாழ்க்கைக் கேள்வி, 'ஏன்' என்று வேறு கேட்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஒவ்வொரு தாளிலும் ஒரே வாக்கியம்: "காற்றின் வேகம் அதிகரிக்கும்போது துணியைச் சுற்றியுள்ள நீராவி அகற்றப்படுவதால் ஆவியாதலின் வேகம் அதிகரிக்கிறது." கமா மாறவில்லை. நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வாக்கியம் அது. மூன்றுக்கு மூன்று, மூன்றுக்கு மூன்று என்று போட்டுக்கொண்டே போனேன். ஒரு பையன் 'அகற்றப்படுவதால்' என்பதை 'அகப்படுவதால்' என்று எழுதியிருந்தான். அர்த்தமே தலைகீழ். பழக்க தோஷத்தில் அவனுக்கும் மூன்று போட்டுவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

நடுவில் ஒரு பெண்ணின் தாள். அவளுடைய அம்மா அப்பா இருவரும் உப்பளத் தொழிலாளர்கள். அவள் எழுதியது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இல்லை, ஆனால் விஷயம் மறக்கவில்லை. அளத்தில் பாத்தி கட்டும்போது தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் விடுவார்கள், நிறைய விட்டால் உப்பு விழ நாளாகும். வெயில் மட்டும் போதாது, காற்றும் வேண்டும், காற்று இல்லாமல் புழுக்கமாக இருந்தால் பாத்தி மேல் ஈரம் அப்படியே நிற்கும், காற்று அடித்தால் அந்த ஈரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும், துணியும் அப்படித்தான், விரித்துப் போட்டால் காயும், சுருட்டிப் போட்டால் காயாது. இவ்வளவும் பேச்சு நடையில், எழுத்துப் பிழைகளோடு.

நான் மூன்றுக்கு ஒன்று போட்டேன்.

ஏன் போட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். 'ஆவியாதல்' என்ற வார்த்தை அதில் இல்லை. 'நீராவி' இல்லை. கேட்டது துணி, அவள் உப்பளத்தில் ஆரம்பித்துவிட்டாள். விடைக்குறிப்பில் மூன்று சொற்களுக்கு அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன், சொல்லுக்கு ஒரு மதிப்பெண். 'காற்று' என்ற ஒரு சொல் கிடைத்தது, ஒன்று போட்டேன். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முழுஆண்டுத் தேர்வில் அவளும் கரும்பலகை வாக்கியத்தையே எழுதினாள், பிழையில்லாமல். நான் மூன்று போட்டேன். "பரவாயில்லையே, முன்னேறிட்டே" என்று வகுப்பில் பாராட்டவும் செய்தேன்.

அதுதான் என்னை உறுத்துவது. அந்த ஒரு கேள்வி அந்த வகுப்பில் இரண்டு படிகளில் நின்றது. என் வாக்கியத்தை மனப்பாடம் செய்த எல்லோருக்கும் அது முதல் படி. அவள் ஒருத்திக்குத்தான் அது நான் கட்டத்தில் எழுதிய படி. தண்ணீரின் பரப்பு, காற்று, காற்றிலுள்ள ஈரம் என்று மூன்று காரணிகளையும் தான் பார்த்த வேலையிலிருந்து எடுத்து, துணிக்குப் பொருத்தியிருந்தாள். புத்தகம் தராத உதாரணம் அது. கட்டத்தில் 'பயன்படுத்துதல்' என்று எழுதிய என் கையே, பயன்படுத்திய பிள்ளைக்கு ஒன்று போட்டது. கேள்விக்கு ஒரு படி, விடைக்குறிப்புக்கு ஒரு படி என்று இருந்தால், பிள்ளைகள் விடைக்குறிப்பின் படியைத்தான் கற்றுக்கொள்வார்கள். அவள் ஒரே பருவத்தில் கற்றுக்கொண்டாள்.

இந்தக் கதையை அக்கா மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சித்தி, அப்ப என் தாள்ல எத்தனை தேறும்?" என்றாள்.

இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக எடுத்து ஒன்றே ஒன்றைக் கேட்டோம்: இதன் விடை பிள்ளையின் நோட்டிலோ புத்தகத்திலோ அப்படியே இருக்கிறதா? இருந்தால் நினைவுகூர்தல், கேள்வி எந்த வார்த்தையில் முடிந்தாலும் சரி. முடித்தபோது முதல் படியில் 5 இருந்தது 20 ஆகிவிட்டது. 'உருவாக்குதல்' இரண்டும் போயின. ஒன்று, "நீர் சுழற்சியின் மாதிரிப் படம் ஒன்றை உருவாக்குக". புத்தகத்தில் உள்ள படம்தான். இன்னொன்று, "நீர் சேமிப்பு பற்றி ஒரு சுவரொட்டி வடிவமைக்க". வகுப்பில் ஏற்கெனவே ஒட்டியிருந்த சுவரொட்டியின் வாசகத்தை எழுதினால் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் இருந்தது. கலர் பென்சில் எடுப்பதெல்லாம் உருவாக்குதல் இல்லை. துண்டு துண்டாகத் தெரிந்தவற்றைச் சேர்த்து, முன்பு கையில் இல்லாத ஒரு முழுமையைக் கொண்டுவருவதுதான் அந்தப் படி. அது ஒரு திட்டமாக இருக்கலாம், நான்கு வரியாகவும் இருக்கலாம்.

"அப்ப அஞ்சுதானா மிச்சம்?" என்று முகம் வாடிவிட்டது அவளுக்கு. சரி வா, அந்த ஆவியாதல் பாடத்தையே எடுத்து இரண்டு மூன்று கேள்வி மாற்றிப் பார்ப்போம் என்றேன்.

முதலில் அந்த ஆவியாதல்–கொதித்தல் கேள்வி. அதை எடுத்துவிட்டு ஓர் அட்டவணை போட்டோம். நான்கு பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் 100 மி.லி. தண்ணீர், மூன்று மணி நேரம் கழித்து மிச்சம் எவ்வளவு என்று. அ: டம்ளர், நிழலில், 98 மி.லி. ஆ: தட்டு, நிழலில், 85. இ: தட்டு, வெயிலில், 60. ஈ: டம்ளர், நிழலில், ஆனால் மின்விசிறிக்குக் கீழே, 95. கேள்விக்காக நாங்களே வைத்துக்கொண்ட அளவுகள். பிறகு கேட்டோம்: "தண்ணீரின் பரப்பு ஆவியாதலைப் பாதிக்கிறதா என்று அறிய எந்த இரண்டு பாத்திரங்களை ஒப்பிடுவாய்? ஏன்?"

இதற்கு விடை எந்த நோட்டிலும் இல்லை. பிள்ளை நான்கையும் பார்த்து, பரப்பு மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கிற ஜோடி எது என்று தேட வேண்டும். அ, ஆ. மின்விசிறி இந்தக் கேள்விக்குத் தேவையில்லாதது, ஒதுக்கிவிட வேண்டும். தேவையானதைத் தேவையில்லாததிலிருந்து பிரிப்பதுதான் பகுத்தாய்தலின் முதல் வேலை.

அதே அட்டவணையிலிருந்து அடுத்த கேள்வி. "ஒரு மாணவன் அ, இ இரண்டையும் பார்த்துவிட்டு, 'தட்டின் பரப்பு பெரிது, அதனால்தான் 38 மி.லி. கூடுதலாக ஆவியானது' என்கிறான். அவன் முடிவு சரியா? காரணம் கூறு." அ டம்ளரில் போனது 2, இ தட்டில் போனது 40, வித்தியாசம் 38 என்பது சரிதான். ஆனால் அவன் ஒப்பிட்ட இரண்டில் பரப்பும் மாறியிருக்கிறது, வெயிலும் மாறியிருக்கிறது. முழுப் பெருமையையும் பரப்புக்குக் கொடுக்க முடியாது. அ, ஆவை ஒப்பிட்டால் பரப்பால் வந்தது 13 மி.லி. மட்டும். இது மதிப்பிடுதல், அதாவது ஒருவர் சொன்ன முடிவு அதன் ஆதாரத்தில் நிற்கிறதா என்று சரிபார்ப்பது. அக்கா மகள் முதலில் இந்தப் படிக்கு வைத்திருந்த கேள்வி, "பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்துவது பற்றி உன் கருத்து என்ன?" என்பது. கருத்தைக் கேட்டால் பிள்ளை தீமைகள் ஐந்தை வரிசையாக ஒப்பிக்கும். எதை வைத்து எடைபோடுகிறோம் என்று ஓர் அளவுகோல் இல்லாமல் மதிப்பிடுதல் கிடையாது.

உருவாக்குதலுக்கு: "சாதாரணத் தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் மெதுவாக ஆவியாகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை திட்டமிடு. எதையெல்லாம் மாற்றாமல் வைப்பாய், எதை மாற்றுவாய், எதை அளப்பாய்?" இதைச் சொன்னது நான். ஏன் உப்புத் தண்ணீர் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இதற்கு விடைக்குறிப்பு எழுதுவதில்தான் எங்களுக்குள் சண்டை. அவள் ஒரு மாதிரி விடையை முழுசாக எழுத ஆரம்பித்தாள். நான் பேனாவைப் பிடுங்கிவிட்டேன். மாதிரி விடை எழுதினால் அடுத்த வருஷம் அது நோட்ஸ் ஆகிவிடும், கேள்வி தானாகக் கீழே விழுந்து முதல் படியில் உட்கார்ந்துவிடும். ஆகவே எதற்கு மதிப்பெண் என்று மட்டும் எழுதினோம். இரண்டு பாத்திரமும் ஒரே மாதிரி, தண்ணீர் ஒரே அளவு, வைக்கிற இடம் ஒன்று என்பதில் குறைந்தது இரண்டைச் சொன்னால் 2. உப்பு மட்டும்தான் மாறுகிறது என்பது தெளிவாக இருந்தால் 1. எதை, எவ்வளவு நேரத்துக்குப் பிறகு அளப்பேன் என்று சொன்னால் 2. தட்டு, டம்ளர், தேங்காய்ச் சிரட்டை எது எழுதினாலும் சரி. எழுத்துப் பிழைக்குக் குறைப்பு இல்லை. பேச்சு நடையில் எழுதினாலும் குறைப்பு இல்லை.

"சித்தி, இதெல்லாம் வச்சா என் கிளாஸ்ல கஷ்டப்படுற பிள்ளைங்க ஃபெயில் ஆயிருவாங்க. அவங்களுக்கு முதல் ரெண்டு படி போதும்னுதான் எங்க ஸ்கூல்ல சொல்றாங்க" என்றாள்.

இதில் எனக்குக் கோபம் வரும், அவளுக்கே தெரியும். படி வேறு, கஷ்டம் வேறு. தனிம வரிசை அட்டவணையின் முதல் இருபது தனிமங்களை வரிசையாகச் சொல் என்பது முதல் படிதான், நானே இப்போது தடுமாறுவேன். அந்த நான்கு பாத்திரக் கேள்வி நான்காம் படி, ஆனால் வீட்டில் துணி காயப்போடுகிற பிள்ளை இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடும். ஆண்டர்சன் குழுவும் திருத்தியபோது, ஒவ்வொரு படியும் கீழ்ப் படியை முழுசாக அடக்கியது என்ற பழைய கண்டிப்பைத் தளர்த்திவிட்டது. ஒரு பழகிய கணக்கைப் போடுவதைவிட, அது ஏன் அப்படி என்று விளக்குவது சில சமயம் கடினம் என்று ஒத்துக்கொண்டார்கள். விளக்குவது இரண்டாம் படி, கணக்குப் போடுவது மூன்றாம் படியாக இருந்தும்கூட. நாம் சுவரில் ஒட்டுகிற அந்த முக்கோணப் படம் 1956 புத்தகத்தில் கிடையவே கிடையாது, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் உச்சி என்பது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு, அடித்தளம் மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொள்கிறோம்.

மனப்பாடத்தில் தடுமாறுகிற பிள்ளைக்கு மனப்பாடக் கேள்வி மட்டும் கொடுத்தால், அதற்கு வராத ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்று அர்த்தம். என் உப்பளத்துப் பெண்ணுக்கு வராதது கரும்பலகை வாக்கியம். வந்தது வேறு.

ஆனால் அவள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. நோட்ஸை நம்பிப் படித்த பிள்ளைகளுக்குத் திடீரென்று 25 கேள்வியையும் மாற்றிக் கொடுத்தால் அது அநியாயம். வகுப்பில் ஒரு தடவைகூட அட்டவணை பார்த்துப் பேசாத பிள்ளையிடம் பரீட்சையில் அட்டவணையை நீட்டக் கூடாது. அதனால் ஐந்து கேள்விதான் மாற்றினோம். பரீட்சைக்கு முன் இரண்டு வகுப்பில் வேறு பாடத்தை வைத்து, சர்க்கரை கரைவதை வைத்து, இதே மாதிரி அட்டவணை போட்டுப் பிள்ளைகளோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். சர்க்கரை போதும், ஆவியாதலைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினேன். தொட்டால் கேள்வி கீழே இறங்கிவிடும்.

மீதி 15 நினைவுகூர்தல் கேள்விகளை அப்படியே விட்டுவிட்டோம். அவற்றில் தப்பு ஒன்றுமில்லை. ஆவியாதல் என்றால் என்னவென்று தெரியாமல் அந்த அட்டவணையை ஒரு பிள்ளை எப்படிப் படிக்கும்? கட்டத்தில் மட்டும் உண்மையை எழுதச் சொன்னேன். மேல் படிகள் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று பள்ளியில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களாம், 10 தான் இருக்கிறது என்று கேட்பார்களே என்றாள். கேட்டால் நோட்ஸையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு என்றேன். என்ன நடந்தது என்று இன்னும் போன் வரவில்லை.

அந்தப் பெண் இந்தப் பக்கத்தில் இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன். பிறந்தநாளுக்கு நான் பதிவு போட்டால் முதல் ஆளாக வாழ்த்துச் சொல்கிறவள் அவள். அம்மா, உனக்கு ஞாபகம் இருக்குமோ இருக்காதோ, உனக்கு நான் இரண்டு மதிப்பெண் பாக்கி. அடுத்த முறை ஊர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. பாத்தியில் தண்ணீர் எவ்வளவு விரல் உயரம் விடுவார்கள் என்று அன்றைக்கு எழுதியிருந்தாய், அது மட்டும் எனக்கு மறந்துவிட்டது. வந்து சொல்லிவிட்டுப் போ.